குலுக்கைக்குள்ளே

(மாலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. சாயங்காலம் நம்ம தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறதுதான் என் வேலை. படம் வரைய வைத்தும் மண் பிசைய வைத்தும் பிள்ளைகளின் மனக்காயத்தை ஆற்றுகிற காரியத்தைப் பின்னால்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் ஒரு பிள்ளையிடம் தப்புப் பண்ணிய பிறகு. அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஊர் பேரும் வருசமும் சொல்ல மாட்டேன். சொன்னால் பிள்ளை யாரென்று உங்களில் நாலு பேருக்காவது தெரிந்துபோகும். பாப்பா என்றே சொல்கிறேன்.

அப்போ பாப்பாவுக்கு ஆறு வயசு. ஊர்க்காரர்கள் சேரிக்குள் புகுந்து அடித்த ராத்திரி. எதிர் வரிசையில் கூரைகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். பாப்பாவின் அப்பா கேரளாவில் வேலைக்குப் போயிருந்தார். அம்மா என்ன செய்வார்? பிள்ளையைத் தூக்கி, வீட்டிலிருந்த காலி நெல்லுக் குலுக்கைக்குள் இறக்கி, மேலே மூடியைப் போட்டுவிட்டு, வாசலில் வந்து நின்றிருக்கிறார். அடி விழுந்தது. தலையில் தையல் போடுகிற அடி. விடியப் போகிற நேரத்தில்தான் யாரோ போய் மூடியைத் திறந்து பிள்ளையை வெளியே எடுத்திருக்கிறார்கள்.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள், கணக்கெடுத்தார்கள். எரிந்த கூரை எத்தனை, செத்த ஆடு எத்தனை, அண்டா குண்டா என்ன போச்சு. பாப்பா வீடு ஓட்டு வீடு, எரியவில்லை. அம்மாவின் தலைக்காயத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு நேரே ‘சேதம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்த ‘சேதம் இல்லாத’ வீட்டுப் பிள்ளை அதுக்குப் பெறகு வெளியாட்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் ரெண்டு மூணு சொல், அவ்வளவுதான். ராத்திரி பாயை நனைத்தது. கதவைச் சாத்தினால் கத்தியது. பக்கத்துப் பிள்ளைகளைக் கடித்தது. எல்லாத்தையும் விட, பெற்ற அம்மாவையே போட்டு அடித்தது. தெருவில் பெரியவங்க பயந்த கோளாறு என்று வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், “இதுகளுக்கெல்லாம் இந்த வயசிலேயே திமிர்” என்று சொன்னதாகக் கேள்வி.

நம்ம மாலைப் பள்ளிக்கு அந்தப் பிள்ளை வந்து மூலையில் உட்காரும். தாளும் மெழுகுக் கலரும் கொடுத்தேன். எடுத்ததெல்லாம் கறுப்பு. ஒரு வட்டம் போடும். அதுக்குள்ள கறுப்பை வைத்து அப்பும். தாள் கிழிகிற அளவுக்கு, கலர் ரெண்டாக ஒடிகிற அளவுக்கு அழுத்தும். தினமும் அதே வட்டம், அதே கறுப்பு. நான் பார்த்தேன். சரி, இது புகை, நெருப்புப் புகை என்று எனக்கு நானே முடிவு கட்டிவிட்டேன். பக்கத்தில் குனிந்து, “பாப்பா, இது என்னம்மா? தீ வச்சாங்களே, அந்தப் புகையா? யாரு வச்சா?” என்று கேட்டேன். பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தது. தாளை எடுத்து நாலாகக் கிழித்தது. அப்புறம் ரெண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

இதில் நான் செய்த தப்பு என்ன? சொல்ல முடியாத ஒன்றை அது கையால் ஒரு இடத்தில் இறக்கி வைத்திருக்கிறது. நான் போய் அதைச் சொல்லாக மாற்றித் தா என்று உடனே கேட்டேன். சொல்ல முடிந்தால் அது ஏன் கறுப்பை அப்பிக்கொண்டு இருக்கப்போகுது? போலீசு ஸ்டேசனில் கேட்கிற மாதிரி ‘யாரு, எப்போ’ என்று வேறு கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் இந்தத் துறையில் படித்த ஒரு அக்காவிடம் போய் நின்றேன். அவங்கதான் எனக்கு எடித் கிராமர் என்கிற பெண்ணைப் பற்றிச் சொன்னாங்க. 1916-ல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். அவருடைய ஓவிய ஆசிரியை ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். ஹிட்லர் காலத்தில், ஜெர்மனியிலிருந்து தப்பி பிராக் நகரத்துக்கு வந்த அகதிப் பிள்ளைகளுக்கு ஃப்ரீடல் ஓவியம் சொல்லிக் கொடுத்தபோது, கிராமர் கூட இருந்து உதவி செய்திருக்கிறார். 1938-ல் கிராமர் நியூயார்க்குக்குத் தப்பிவிட்டார். ஃப்ரீடல் தப்பவில்லை. 1942 டிசம்பரில் அவரைத் தெரசின் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கிடைத்த பழைய ஆபீஸ் தாள்களின் மேல் பிள்ளைகளை வரைய வைத்தார், ஒட்ட வைத்தார். ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் பெயரை எழுத வைத்தார். ஆளை நம்பராக்குகிற இடத்தில் பெயர். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்சுக்கு அனுப்பிக் கொன்றுவிட்டார்கள். ரெண்டு சூட்கேஸ் நிறைய, ஏறத்தாழ 4,500 படங்கள் மிஞ்சின. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் மிஞ்சவில்லை.

கிராமர் நியூயார்க்கில் போய் வேலை செய்தது எங்கே என்பது நமக்கு முக்கியம். வில்ட்விக் என்கிற விடுதிப் பள்ளி. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் எட்டு வயசு முதல் பன்னிரண்டு வயசு வரைக்குமான கறுப்பினப் பையன்கள். அடங்காதவன், திருடன் என்று கோர்ட்டால் அனுப்பப்பட்டவர்கள். 1950 தொடங்கி ஏழு வருசம் போல அவர்களோடு வேலை செய்து, 1958-ல் அதை ஒரு புத்தகமாகவும் எழுதினார். அவர் கண்டுபிடித்துச் சொன்ன ஒரு வித்தியாசம் எனக்கு ரொம்ப உதவியது. பிள்ளை கலரை வாரி அடிக்கிறது, மண்ணைப் போட்டு அடிக்கிறது, கிழிக்கிறது, இது கொட்டித் தீர்க்கிறது. அதே கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு புலியைச் செய்து, அதன் கால் ஒடியாமல் நிற்கப் பாடுபடுகிறது, இது உருவாக்குகிறது. கொட்டுவதால் கொஞ்ச நேரம் அலுப்புத் தீரும். சில பிள்ளைகளுக்குக் கொட்டக் கொட்டப் பயம் கூடவும் செய்யும். உருவாக்கும்போதுதான் அந்த உணர்ச்சி பிள்ளையை ஆட்டுவது நின்று, பிள்ளை அந்த உணர்ச்சியைக் கையாளத் தொடங்குகிறது. அந்தப் புலி நிற்க, பெரியவங்க செய்யவேண்டிய உதவியை அவர் ‘மூன்றாவது கை’ என்றார். பிள்ளைக்கு ரெண்டு கை. நம்ம கை மூணாவது. அது பிள்ளையின் விருப்பத்துக்குத்தான் வேலை செய்யணும். கால் ஒடிந்தால் உள்ளே ஒரு குச்சி செருகிக் கொடுக்கணும். தாள் போதவில்லை என்றால் இன்னொரு தாளை ஒட்டிக் கொடுக்கணும். நம்ம யோசனையை, நம்ம அழகை, நம்ம அரசியலை அதுக்குள்ளே திணிக்கக் கூடாது.

இப்போ நடைமுறையைச் சொல்கிறேன். வாரத்தில் ரெண்டு நாள், அதே கிழமை, அதே நேரம், அதே பாய், அதே மூலை. முக்கால் மணி நேரம், அதுக்கு மேல வேண்டாம். பாப்பாவோடு சேர்த்து மூணே பிள்ளைகள். இந்த ஒழுங்கு எதுக்கு? எப்போ என்ன நடக்கும் என்று தெரியாத ஒரு ராத்திரியில்தான் அந்தப் பிள்ளை உடைந்துபோனது. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிகிற ஒரு இடம் வேண்டும். நான் எதிரில் உட்கார மாட்டேன், பக்கத்தில் உட்காருவேன். கேள்வி கிடையாது. தாளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எப்போதாவது சொல்வேன். “இந்தக் கோடு ரொம்ப அழுத்தமா இருக்கு.” அவ்வளவுதான். நல்லா இருக்கு, நல்லா இல்லை எதுவும் இல்லை. நல்லா இருக்குன்னு சொன்னா அடுத்த தடவை நமக்குப் பிடிச்சதைத்தான் வரையும். முடிக்கப் பத்து நிமிசத்துக்கு முன்னாடியே சொல்லிவிடணும். முடிந்ததும் படத்தை அந்தப் பிள்ளையின் ஃபைலில் அதுவே வைக்கும். கட்டுகிற நாடாவையும் அதுவே கட்டும். பிறகு கை கழுவணும். சின்னக் காரியம்தான், ஆனால் அந்த உலகத்தை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகணும் இல்லையா.

எந்தப் பொருளைக் கொடுப்பது என்பதில் யோசனை வேண்டும். பென்சில், மெழுகுக் கலர் எல்லாம் சொன்னபடி கேட்கும். தண்ணிக் கலர் ஓடும், கலங்கும். பயந்த பிள்ளைக்குக் கலர் ஓடினால் தன் கையை விட்டு எல்லாம் போகிற மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை பாப்பாவுக்குச் சிவப்புத் தண்ணிக் கலர் கொடுத்துவிட்டேன். தாளில் ஊற்றி, கையால் தேய்த்து, பாயில் தேய்த்து, தன் மேலேயே தேய்த்துக்கொண்டது. மூச்சு வேகமாக வந்தது. கூப்பிட்டால் காது கேட்கவில்லை, கண் எங்கேயோ நின்றது. இதுதான் அடையாளம். இதைப் பார்த்துவிட்டு ‘கொட்டட்டும், நல்லது’ என்று விடக்கூடாது. ஈரத்துணியால் கையை மெல்லத் துடைத்துவிட்டேன். சின்னத் தாளாக எடுத்து, அதில் நாலு பக்கமும் கெட்டியாகக் கட்டம் போட்டு, மெழுகுக் கலரோடு முன்னால் வைத்தேன். கட்டத்துக்குள் கோடு போடத் தொடங்கியது. மூச்சு இறங்கியது.

கலர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம பிள்ளைகள் ‘தோல் கலர்’ என்று ஒரு கலரைக் கேட்கும். அது வெளுத்த ரோஸ் கலர். நம்ம தெருவில் யாருடைய தோல் அது? அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி ‘சதை’ என்று பேர் வைத்து விற்ற கலருக்கு 1962-ல் பேரை மாற்றியது. இங்கே பிள்ளைகள் வாயில் அது இன்னும் தோல் கலர்தான். கரித்துண்டும் செங்கல் தூளும் மஞ்சளும் கொஞ்சம் பசையும் கலந்து கொடுத்துப் பாருங்கள். வாத்தியாருக்கே தன் கையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோணும்.

மண்ணுக்கு வருகிறேன். கண்மாய் மண்தான். அதை அள்ளப் போனதுக்கே ஊரில் ஒரு ஆள், “கண்மாய் உங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்றான். அது தனிக் கதை. ரெண்டு நாள் ஊறவைத்து, கல் நீக்கி, பிசைந்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொள்ளணும். கொடுத்தால் பாப்பா தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பிடிபட்டது. ‘அழுக்கு’ என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு வாங்கிய பிள்ளை. ‘சுத்தமா இருக்கணும், இல்லைன்னா நம்மளை இன்னும் கேவலமா பேசுவான்’ என்று அம்மா தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளை. மற்ற புத்தகங்களில் மண் என்றால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம் என்று எழுதியிருக்கும். நம்ம பிள்ளைகளுக்கு மண்ணைத் தொடுவதிலும் சாதி வந்து நிற்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை முழங்கை வரை சேறாக்கிக்கொண்டு ஒரு உருண்டை பிடித்தேன். ஒரு கிண்ணத்தில் தண்ணியும் துணியும், எப்போ வேணும்னாலும் கழுவிக்கலாம் என்று தெரிகிற மாதிரி வைத்தேன். மூணாவது வாரம் ஒரு விரல் வந்தது.

அப்புறம் பாப்பா ஒரு பானை மாதிரி செய்தது. சின்னதாக ஒரு உருண்டையைப் பிடித்து அதுக்குள் போட்டது. தட்டையாக ஒரு மூடி செய்து மேலே அமுக்கியது. அமுக்கி, அமுக்கி, கடைசியில் எல்லாத்தையும் ஒரே மண் கட்டியாக நசுக்கியது. அடுத்த தடவையும் அதே. அடுத்த மூணு வாரமும் அதே. அதே பானை, அதே உருண்டை, அதே நசுக்கல், முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அந்த அக்கா எச்சரித்தாங்க. 1976-ல் அமெரிக்காவில் சௌசில்லா என்கிற ஊரில் 26 பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸோடு கடத்தி, மண்ணுக்கடியில் ஒரு வண்டிக்குள் புதைத்து வைத்தார்கள். பிள்ளைகள் உயிரோடு தப்பி வந்துவிட்டார்கள். லெனோர் டெர் என்கிற மனநல மருத்துவர் அவர்களை வருசக்கணக்கில் போய்ப் பார்த்தார். பயந்த பிள்ளை அந்தச் சம்பவத்தையே திரும்பத் திரும்ப விளையாடும், ஆனால் அந்த விளையாட்டில் சந்தோசம் இருக்காது, விளையாடி முடித்தாலும் பயம் குறையாது என்று எழுதினார். ஆகவே திரும்பச் செய்வதெல்லாம் ஆறுவதின் அடையாளம் என்று நினைத்துவிடக் கூடாது. எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று, ஒரு கலரோ ஒரு கோடோ, கொஞ்சமாவது மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் பொறுத்திருங்கள். வாரக்கணக்கில் ஒரு மயிரளவும் மாறவில்லை, பிள்ளை எழுந்து போகும்போது வந்ததைவிட இறுகிப் போகிறது என்றால், அந்த விளையாட்டுக்குள்ளேயே மூணாவது கை ஒன்று நீளணும்.

நான் ஒரு நாள் பானையைப் பார்த்துச் சொன்னேன், பாப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை: “உள்ளே இருக்கிறதுக்குக் காத்து வேணுமே.” பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சியை வைத்தேன். பாப்பா ரொம்ப நேரம் அதைப் பார்த்தது. எடுத்து மூடியில் ஒரு ஓட்டை குத்தியது. அன்றைக்கு நசுக்கவில்லை. அடுத்த தடவை ஏழெட்டு ஓட்டை. அதுக்கடுத்து மூடியைப் பாதி திறந்து வைத்தது. பிறகு ஒரு நாள், பானைக்கு வெளியே ஒரு ஆள் செய்தது. ஆள் நிற்கவில்லை, சாய்ந்து சாய்ந்து விழுந்தது. பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. நான் குச்சி ஒன்றை அடியில் செருகிக் கொடுத்தேன். ஆள் நின்றது. அப்போதுதான் என்னிடம் அது பேசிய முதல் பேச்சு: “அம்மா வெளிய.”

தோழர்களே, அத்தனை நாளும் நான் நெருப்பு, நெருப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாப்பா நெருப்பைப் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் குலுக்கைக்குள் இருந்த இருட்டு. கேட்டது அம்மா அடிபடுகிற சத்தம். அந்தக் கறுப்பு வட்டம் குலுக்கையின் உள்பக்கம். அடுத்து வந்த நாட்களில், அந்த நின்ற ஆளைப் பிள்ளை கையால் அறையும், பிறகு எடுத்து நிமிர்த்தி வைக்கும். என் ஊகம் இது: மூடியைப் போட்டது அம்மா. காப்பாற்றத்தான் போட்டார். ஆனால் உள்ளே இருந்த பிள்ளைக்கு, அம்மா தன்னை இருட்டில் அடைத்துவிட்டுப் போய்விட்டாள். அடிபட்ட அம்மாமேல் கோபப்படலாமா? அந்தக் கோபத்துக்குப் பிள்ளையிடம் சொல் இல்லை. பெரியவங்ககிட்ட மட்டும் இருக்கா? நான் அதைப் பிள்ளையிடம் விளக்கவில்லை. அம்மாவிடம்தான் பேசினேன். “உங்களை அது அடிக்கிறது வெறுப்புனால இல்லக்கா. ‘நான் மூடியைப் போட்டேன், நீ இருட்டுல பயந்துட்ட, நான் திரும்பி வந்துட்டேன்’னு நீங்களே ஒரு நாள் சொல்லிடுங்க” என்றேன். அந்த அம்மா ரொம்ப நேரம் அழுதாங்க. அன்றைக்கு ராத்திரியே சொன்னாங்களாம். பாயை நனைப்பது அதுக்குப் பிறகு குறைந்தது, நிற்க இன்னும் பல மாசம் ஆனது.

இப்போ என் ரெண்டாவது தப்பு. இடையில் உண்மை அறியும் குழு வந்திருந்தது. நம்ம தோழர்கள்தான். பாப்பாவின் ஃபைலைப் பார்த்துவிட்டு ஒருத்தர் அந்தக் கறுப்பு வட்டத்தைக் கேட்டார். அறிக்கை அட்டையில் போடலாம், ‘ஒரு குழந்தை கண்ட தீ’ என்று தலைப்பு வைக்கலாம், பத்திரிகைக்காரன் திரும்பிப் பார்ப்பான் என்றார். அப்போது நானும் அதைத் தீ என்றுதான் நம்பினேன். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த வகுப்பில் பாப்பா ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டியது, திரும்பப் புரட்டியது. நாடாவைக் கட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு ஒரு கோடு போடவில்லை. அச்சுக்குப் போகுமுன் போய்ச் சண்டை போட்டுத்தான் அந்தப் படத்தைத் திருப்பி வாங்கினேன். “சனங்களுக்காகத்தானே கேட்கிறோம், உனக்கென்ன சொந்தச் சொத்தா?” என்றார் தோழர். என் சொத்து இல்லைதான், அந்தப் பிள்ளையுடையது என்றேன். மூலையில் ஸ்டேப்ளர் ஓட்டையோடு வந்தது. பாப்பாவிடம், “உன்னைக் கேக்காம எடுத்துட்டேன், தப்பு” என்று சொல்லி அதன் கையில் கொடுத்தேன். அது அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தது. யோசித்துப் பாருங்கள், அந்தத் தலைப்போடு அச்சாகியிருந்தால் நம்ம அறிக்கை அட்டையிலேயே ஒரு பொய் இருந்திருக்கும்.

இதனால்தான் சொல்கிறேன், பிள்ளை வரைந்த படம் சாட்சி இல்லை. கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் ரத்தம் என்று ஜோசியம் சொல்லாதீர்கள். குறிப்பாகப் பாலியல் வன்முறை சந்தேகம் வருகிற படம் என்றால், படத்தை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம், பிள்ளையைக் குடைந்து கேட்கவும் வேண்டாம். அக்கறையாக, தனியாக, பயிற்சி பெற்றவங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளையே வாய் திறந்து சொல்லிவிட்டால், 2012-ம் வருசத்துப் போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது நம்ம கடமை. 1098-க்குப் போன் பண்ணலாம். பிள்ளை சாப்பாட்டை விட்டுவிட்டது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறது, வலிப்பு வருகிறது என்றால் மண்ணையும் கலரையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஜில்லா ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் போங்கள். அது நம்மால் ஆகிற வேலை இல்லை.

நம்மால் ஆகாதது இன்னொன்றும் உண்டு. அடித்தவர்கள் ஜாமீனில் வந்து அதே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் பாப்பா மறுபடியும் மூடியை அமுக்கியது. ஓட்டை இல்லாத மூடி. தேற்றுகிற வேலை ஆறு மாசத்தில் கொண்டுவந்ததை ஒரு டீக்கடைப் பெஞ்சு ஒரே நாளில் திருப்பிக்கொண்டு போனது. பயம் பிள்ளையின் மனசில் மட்டும் இருந்தால் படம் வரைந்து தீர்க்கலாம், தெருமுனையில் உட்கார்ந்திருந்தால் எப்படித் தீர்ப்பது? நீங்கள் வழக்கை நடத்துங்கள், நான் மண்ணைப் பிசைகிறேன் என்றுதான் தோழர்களிடம் சொன்னேன். வழக்கு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

பாப்பா இப்போ காலேஜில் படிக்கிறா. சாத்தின அறையில் இன்னும் தூங்க மாட்டா, ஹாஸ்டலில் ஜன்னல் பக்கக் கட்டிலைக் கேட்டு வாங்கியிருக்கா. இங்கே பேசலாமா என்று அவளிடம் கேட்டேன். பேசுங்க டீச்சர், பேரும் ஊரும் வேண்டாம் என்றாள். படங்களைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “வேணாம், அது என்கிட்டயே இருக்கட்டும்” என்றாள். அதனால்தான் இன்றைக்கு நான் வெறுங்கையோடு வந்திருக்கிறேன்.